அம்மாவின் கையும் போறணையும்

எங்கள் வீட்டில் போறணையை 'அவன்' என்று சொல்வதில்லை. யாரோ ஒரு ஆம்பிளையைத் திட்டுற மாதிரி இருக்குது என்பா அம்மா. பெரியம்மா வெளிநாடு போகும்போது விட்டுப்போன சின்ன மின்சாரப் போறணை அது. போன மார்கழியில் அதில் அம்மா போட்ட மூன்று பட்டர் கேக்குகளும் ஒரே மாதிரித்தான் வந்தன. மேலே வெடித்துக் கறுப்பு, நடுவில் ஈர மா. மூன்றாவது ஒரு சாமத்தியவீட்டுக்கு ஓடர் எடுத்தது. காசைத் திருப்பிக் கொடுத்தோம். பட்டர், முட்டை விற்கிற விலையில் அது சின்ன நட்டம் இல்லை. அதைவிட, வருத்தத்தால் எழும்பி வந்த பிறகு அம்மா முதன்முதலாகப் போட்ட கேக்குகள் அவை. "என்ர கை போட்டுது பிள்ளையள், இனி ஓடர் எடுக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டா.

நானும் தங்கச்சியும் போறணையைத்தான் சந்தேகப்பட்டோம். வெப்பமானி எங்களிடம் இல்லை. ஆனால் வெள்ளைச் சீனி ஏறக்குறைய 186 பாகை செல்சியஸில் உருகும் என்பது தெரியும். அப்படியென்றால் குமிழை 175இல் வைத்தால் சீனி உருகக்கூடாது, 190இல் வைத்தால் உருகவேண்டும்.

தட்டை நடுத்தட்டில் வைத்து, குமிழை 175க்குத் திருப்பி, அரை மணித்தியாலம் சும்மா எரியவிட்டோம். இந்தக் காத்திருப்பு முக்கியம். சிவப்பு விளக்கு அணைந்தவுடன் சூடு சரி என்று நம்பக்கூடாது, சுவர்கள் அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருக்கும். பிறகு அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் மடித்து, அரை மேசைக்கரண்டி சீனியைப் பரப்பி உள்ளே வைத்தோம். சரியாக 15 நிமிடம். கூட விட்டால், குறைந்த சூட்டிலும் சீனி மெல்ல மெல்லக் கருகி இளகத் தொடங்கும், பிறகு அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. மேல் கம்பிக்குக் கிட்ட வைத்தாலும் கம்பியின் நேர்ச்சூடே அதை உருக்கிவிடும்.

15 நிமிடத்தில் கிண்ணத்துக்குள் தேன் நிறத்தில் பாகு! தங்கச்சி கத்தின கத்தலில் அம்மா குசினிக்கு ஓடி வந்தா.

ஆனால் எவ்வளவு கூட என்று அது சொல்லவில்லை. கதவைத் திறந்து ஆறவிட்டு, குமிழை 150க்குக் குறைத்து, புதுச்சீனியோடு திரும்பவும் பார்த்தோம். 150இல் சீனி வைத்த மாதிரியே இருந்தது. ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் நிலைக்கவிட்டு, ஐந்தைந்து பாகையாக ஏற்றினோம். 155, 160 ஒன்றுமில்லை. 165இல் உருகிவிட்டது. "கறண்ட் பில் ஆர் கட்டுறது?" என்று அம்மா பின்னால் நின்று கேட்டபடி. ஆக, குமிழ் 160க்கும் 165க்கும் இடையில் நிற்கும்போது உள்ளே 186. இருபத்தொன்றிலிருந்து இருபத்தாறு பாகை வரை கூட. அம்மா 175 என்று நம்பிப் போட்ட கேக் உண்மையில் 200க்குக் கிட்ட வெந்திருக்கிறது. வெளிப்பக்கம் முதலே இறுகிவிட, உள்ளே இருந்த மா பொங்கி மேலே வெடித்திருக்கிறது.

சீனி ஒரேயொரு புள்ளியைத்தான் காட்டும். 120இலும் இதே வித்தியாசம் இருக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் 175 எங்கள் புள்ளிக்குக் கிட்டத்தானே, அதனால் கேக்குக்கு 150இல் வைப்பது என்று முடிவெடுத்தோம்.

அடுத்த நாள் பாண். ஒரே இறாத்தலில் வெட்டின ஆறு துண்டுகளைக் கம்பித்தட்டு முழுக்க அடுக்கி, 150இல் வைத்துப் பத்தாவது நிமிடத்தில் எடுத்தோம். இடப்பக்கப் பின்மூலைத் துண்டு நல்ல மண்ணிறம், கதவுப் பக்கத்து இரண்டும் வெள்ளை. திருப்பிப் பார்த்தால் எல்லாவற்றிலும் அடிப்பக்கத்தைவிட மேற்பக்கம் சிவந்திருந்தது. மேல் கம்பிதான் கூட வேலை செய்யுது. (அந்தப் பாணை எறியவில்லை, சம்பலோடு முடிந்தது.)

ஞாயிற்றுக்கிழமை அம்மா கேக் போட்டா. குமிழ் 150, தட்டு ஒரு படி கீழே. அரைவாசிக்கு மேல் வெந்து நடு இறுகின பிறகுதான் தட்டைத் திருப்பி வைத்தோம், முந்தித் திறந்தால் கேக் அமர்ந்துவிடும். கடைசிப் பத்து நிமிடம் மேலே அலுமினியத் தாள். ஈர்க்கைக் குத்தி எடுத்தோம், ஒட்டவில்லை.

அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "வனிலா கொஞ்சம் கூடிப்போச்சு" என்றா. பிறகு பேனையை எடுத்து, போறணைக் குமிழில் 150க்கு நேரே ஒரு கோடு கீறினா. தை மாதத்துக்கு இரண்டு ஓடர் எடுத்திருக்கிறா.