பழைய கைரேகையோடு தேடுற கருவி

வெள்ளவத்தை அறையில நாங்களே இருந்து எழுதின ஆங்கிலக் கட்டுரையை, ஒரு கண்டறியும் கருவி ‘ஏஐ எழுதினது’ எண்டு சொல்லிச்சு. கொட்டாஞ்சேனை நண்பன் புது மொடலைக் கொண்டு எழுதுவிச்சது தப்பிட்டுது.

2019இல் ஓப்பன்ஏஐ, ஜீபீடீ-2 எழுத்தைக் காட்டிப் பழக்கிய கருவி அதை ஏறக்குறைய 95 வீதம் பிடித்தது. அது படித்தது அந்த மொடலின் சொல் தெரியும் பழக்கத்தைத்தான். புது மொடலுக்குப் பழக்கம் வேறு. அதன் எழுத்தைச் சேர்த்துத் திரும்பப் பழக்கி முடிக்கமுன் அடுத்த மொடல் வந்துவிடும். வலையை இறுக்கினால் மனிதரும் மாட்டுவர்.

2023 ஜனவரியில் அதே நிறுவனம் விட்ட கருவி, கடினமான சோதனையில் ஏஐ எழுத்தில் 26 வீதத்தையே பிடித்தது. மனித எழுத்தில் 9 வீதத்தைத் தவறாகக் குறித்தது. ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் வரைவுகளோடு போய் விரிவுரையாளரிடம் கேட்டது ஒண்டுதான்: “சேர், இந்தக் கருவி எந்த மொடலைப் பார்த்துப் பழகினது?”