முட்டிக்குக் கீழே ஒரு மேடு

ஜூன் 14, சனி

காலையில் வந்த பையனுக்கு 13 வயது. பள்ளி வாலிபால் அணியில் அட்டாக்கர். கோடை விடுமுறைக்குள் பேன்ட்டெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதாம். வலது முட்டிச்சில்லுக்குக் கொஞ்சம் கீழே, முன்னங்கால் எலும்பின் மேல், கல் பதித்தது போல ஒரு மேடு. விரல் வைத்தால் காலை இழுத்துக்கொள்கிறான். "கட்டி ஏதும் இல்லையே சார்?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

முட்டிக்குள் நீர் கோக்கவில்லை. மடக்கிய காலை என் கையை எதிர்த்து நீட்டச் சொன்னபோது வலி சரியாக அந்த மேட்டில்தான் வந்தது. இடுப்பையும் சுழற்றிப் பார்த்தேன். இந்த வயதில் இடுப்பு மூட்டுக் கோளாறு சில நேரம் முட்டிவலியாகத்தான் தலைகாட்டும். அங்கே ஒன்றுமில்லை. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலியோ காய்ச்சலோ கிடையாது. ஒரு குதிப்பில் திடீரென அறுந்தது போலாகி, காலை நீட்டவே முடியாமல் போனதுமில்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் உடனே எலும்பு மருத்துவரிடம், எக்ஸ்ரேக்கு அனுப்பியிருப்பேன். இது ஆஸ்குட்-ஷ்லாட்டர். பாஸ்டனில் ஆஸ்குட்டும் சூரிக்கில் ஷ்லாட்டரும் 1903இல் தனித்தனியே எழுதிவைத்தது.

அம்மாவுக்குப் படம் வரைந்து காட்டினேன். தொடையின் முன்தசை முட்டிச்சில்லைப் பிடித்துக்கொண்டு கீழிறங்கி, தசைநாணாக இந்த இடத்தில் முடிகிறது. பெரியவர்களுக்கு இங்கே முழு எலும்பு. இவனுக்கோ வளர்ச்சித் தட்டு இன்னும் மூடவில்லை; நாண் பிடித்திருக்கும் இடத்தில் குருத்தெலும்பும் கலந்திருக்கிறது. எலும்பு விறுவிறுவென நீள, தசை இறுகிப்போய் நிற்கிறது. எம்பும்போதும் தரையில் இறங்கும்போதும் நாண் அந்த இடத்தைச் சுண்டி இழுக்கிறது. அந்தச் சிறு காயங்களை ஆற்ற உடம்பு வைக்கும் புது எலும்புதான் மேடு.

ஜூன் 16, திங்கள்

ஒரு வருடம் விளையாட்டே வேண்டாம் என்கிறார் அப்பா. பட்டை கட்டிக்கொண்டு ஆடட்டும் என்கிறார் பயிற்சியாளர். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. முழு ஓய்வில் தொடை மெலியும். திரும்பி வரும் முதல் வாரத்திலேயே வலி பிடித்துக்கொள்ளும். எம்பி அடிப்பதை மட்டும் நிறுத்தி, நின்று சர்வ் போடவும் பந்தை வாங்கிக் கொடுக்கவும் விட்டேன். ஆடும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது; மறுநாள் காலை படியிறங்கும்போது அது பழைய அளவுக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் முந்தைய நாள் ஆட்டம் அதிகம். சுவரில் முதுகைச் சாய்த்து அரைகுந்தலில் நிற்பதும், தொடையின் பின்தசையை நீட்டுவதும் தினமும் உண்டு. மேட்டின் மேல் பாட்டி எண்ணெய் போட்டு நீவுவதை நிறுத்தச் சொன்னேன். நோகிற இடத்தை அழுத்தினால் இன்னும் நோகும், அவ்வளவுதான்.

ஜூலை 19, சனி

வட்டாரப் போட்டிக்கான அணித் தேர்வில் பையன் ஆசைதீர எம்பியிருக்கிறான். நொண்டிக்கொண்டு வந்தான். திரும்பவும் சர்வ் மட்டும்.

ஆகஸ்ட் 23, சனி

படியில் வலியில்லை. குறைந்த குதிப்புகளோடு ஆரம்பித்தாயிற்று. "மேடு எப்போ சார் கரையும்?" என்றார் அம்மா. அநேகமாகக் கரையாது என்றேன். தட்டு மூடி எலும்பு ஒட்டியதும் பெரும்பாலோருக்கு வலி நின்றுவிடும். மேடு தங்கும், மண்டியிட்டால் சிலருக்கு உறுத்தும். பையன் மெதுவாக இடது காலையும் நீட்டினான். அங்கேயும் லேசாக நோகிறது. குதிப்புக் கணக்கை இரண்டு காலுக்கும் சேர்த்து மறுபடி எழுதிக் கொடுத்தேன்.