எழுபத்தெட்டு எங்கிருந்து வந்தது?

முற்கூட்டியே வட்டி கணக்கிட்டுத் தவணையில் சேர்த்த கடனை இடையில் முடிக்கும்போது, திரும்பக் கிடைக்க வேண்டிய வட்டியைப் பிரிக்கும் வழிகளில் ஒன்று எழுபத்தெட்டு விதி. இதன் பெயர் 12 மாதக் கடனிலிருந்து வந்தது. முதலை 12 சம பங்குகளாகத் திருப்புவதாகக் கொண்டால், முதல் மாதம் 12 பங்கும் கடன்காரரின் கையில் இருக்கும். இரண்டாம் மாதம் 11, கடைசி மாதம் 1. இவற்றின் கூட்டுத்தொகை 78. ஆகவே மொத்த வட்டியில் 78இல் 12 பங்கு முதல் மாதத்துக்கே போய்விடும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் காகிதத்தில் போடக்கூடிய கணக்கு இது. சட்டத்தில் இதன் தடத்தைப் பின்னோக்கித் தேடினால், 1935இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக்கு வந்து சேரலாம். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்வனவுச் சட்டத்திலும் வட்டிக் கழிவுக்கு இதே முறை இடம்பெற்றது.

ஓட்டமாவடியில் ஒருவர் ஓட்டோவுக்கு 2,40,000 ரூபாய் கடன் எடுத்ததாகக் கொள்வோம். ஆண்டுக்கு 15 வீதம் நிலையான வட்டி, 24 மாதம். வட்டி 72,000, மாதத் தவணை 13,000. பன்னிரண்டு தவணை கட்டியபின் கடனை முடிக்கிறார். பாதிக் காலம் மிச்சம் என்பதால் பாதி வட்டியான 36,000 கழியும் என்று எதிர்பார்ப்பார். ஆனால் 1 முதல் 24 வரையான கூட்டுத்தொகை 300; மிச்சமுள்ள 12 மாதத்துக்கு 78. எனவே கழிவது 72,000இல் 300க்கு 78 பங்கு, அதாவது 18,720 ரூபாய். மிச்சத் தவணைகளின் கூட்டுத்தொகை 1,56,000. அதிலிருந்து இதைக் கழித்தால் 1,37,280 கட்ட வேண்டும்.

ஏமாற்றம் முழுவதும் விதியின் வேலையல்ல. நிலையான 15 வீதம், குறையும் நிலுவைமீது பார்த்தால் மாதம் சுமார் 2.2 வீதமாகிறது. அந்த வீதத்தில் மாதாமாதம் நிலுவைமீது கணக்கிட்டாலும் கழிவு சுமார் 20,300தான். தொடக்கத்தில் நிலுவை பெரிது, ஆகவே வட்டியும் பெரிது. விதி கூடுதலாக எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 1,600 ரூபாய். முதல் மாத வட்டியாக அது 5,760 எடுக்கிறது. நிலுவைமீது கணக்கிட்டால் 5,320 அளவில் வரும்.

காலம் நீண்டால் இந்த இடைவெளி விரியும். இதே வீதத்தில் 12,00,000 ரூபாய் கடனை 60 மாதத்துக்கு எடுத்து, ஓராண்டில் முடித்தால் இழப்பு சுமார் 40,000. 61 மாதத்தைத் தாண்டும் நுகர்வோர் கடன்களுக்கு இந்த விதியை அமெரிக்கா 1992இல் இயற்றிய சட்டத்தால் தடுத்தது. பிரித்தானியா 2004ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளால் இதைக் கைவிட்டது.

எந்த முறை பயன்பட்டது என்பதைக் கடன்காரரே சோதிக்கலாம். மிச்ச மாதங்களை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்க வேண்டும். மொத்த மாதங்களையும் அவ்வாறே. முதல் விடையை இரண்டாவதால் வகுத்து மொத்த வட்டியால் பெருக்கினால் வருவதுதான் விதியின்படியான கழிவு. நிறுவனம் தரும் தொகை அதோடு ஒத்தால் எழுபத்தெட்டு விதி. அதைவிடக் குறைந்தால், முன்கூட்டி முடிப்பதற்கான தனிக் கட்டணம் ஒப்பந்தத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.