பதினைந்து விநாடியா, அறுபது விநாடியா?

பேத்தி விடுமுறைக்கு வந்தபோது ஆரம்பித்துவைத்த வேலை இது. "தாத்தா, நீங்க சொல்ற வீதிக் கதையெல்லாம் போன்ல சின்ன வீடியோவா போடலாமே" என்றாள். போட்டோம். இரண்டு வருஷமாக யூட்யூபில் ஷார்ட்ஸ் போட்டு வருகிறேன். பார்ப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், பழைய அலுவலக நண்பர்கள், அவர்கள் வீட்டார்.

முதலில் எடுத்தது துய்மா வீதி. அப்போது ஷார்ட்ஸுக்கு அறுபது விநாடிதான் உச்சவரம்பு. (இப்போது மூன்று நிமிஷம் வரை விடுகிறார்கள்.) அறுபது கொடுத்தார்கள் அல்லவா, அறுபதையும் நிரப்பினேன். கவர்னர் பெனுவா துய்மா 1735-ல் பதவிக்கு வந்தது, புதுச்சேரியில் ரூபாய் நாணயம் அடிக்க அனுமதி வாங்கியது, 1741-ல் கப்பலேறியது எல்லாம் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் படித்தேன்.

எத்தனை பேர் எந்த விநாடிவரை பார்த்தார்கள் என்று யூட்யூபே ஒரு கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோடு பதினைந்து விநாடி வரை ஓரளவு நின்றது. நாணயத்தைப் பற்றி நான் தொடங்கிய இடத்தில் படுத்துவிட்டது. மக்களுக்குப் பொறுமை இல்லை என்று அலுத்துக்கொண்டேன்.

பேத்தி வேறு மாதிரி கேட்டாள். "இதுல உங்களுக்கே ஆச்சரியமா இருந்தது எது தாத்தா?"

யோசித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நானே சிறுவயதில், அது நாவலாசிரியர் துய்மாவின் பெயர் என்று நினைத்திருந்தேன். நாவலாசிரியர் பிறந்தது 1802-ல். மறுபடி இப்படி எழுதினேன்: "இது துய்மா வீதி. நாவல் எழுதிய அலெக்சாந்தர் துய்மா பெயர் என்று நினைப்போம். இல்லை. அவர் பிறப்பதற்கு அறுபது வருஷத்துக்கும் முன்பே இங்கே கவர்னராக இருந்த பெனுவா துய்மா." இருபத்தொரு வார்த்தை. நிதானமாகப் படித்தால் பன்னிரண்டு விநாடி. மீதி மூன்று விநாடி, பிரெஞ்சும் தமிழுமாக இருக்கும் நீலப் பலகையைப் பார்ப்பவர்கள் படித்துக்கொள்ள.

வருஷத்தை வாயால் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'ஆயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து' என்று சொல்லி முடிக்கவே மூன்று விநாடி ஓடிவிடுகிறது. அதைத் திரையில் எழுதிவிட்டோம். இந்தத் தடவை முக்கால்வாசிப் பேர் கடைசிவரை இருந்தார்கள். சிலர் இரண்டு தடவை பார்த்தார்கள்.

அதன்பின் எனக்குப் பதினைந்து பிடித்துப்போயிற்று. எதை எடுத்தாலும் பதினைந்து. முன்பு அறுபது எப்படிப் பழக்கமாக இருந்ததோ, அதே மாதிரி இதுவும் பழக்கமாயிற்று. இப்படியிருக்கும்போதுதான் நவம்பர் வந்தது.

நவம்பர் என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு ஆயுள் சான்று மாதம். வங்கியில் நிற்க முடியாதவர்களுக்காக, போனிலேயே முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் எடுப்பதை ஒரு வீடியோவாகப் போட்டேன். பதினைந்து விநாடி. "வரிசையில் நிற்க வேண்டாம், வீட்டிலேயே முகத்தைக் காட்டினால் போதும்" என்று சொல்லி, முகம் காட்டுவதையும் வெற்றி என்று திரையில் வருவதையும் காட்டினேன். நிறையப் பேர் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜனவரி முதல் வாரம் ஒரு போன். காலமான என் அலுவலக நண்பரின் மனைவி, குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர். "அண்ணே, நீங்க காட்டின மாதிரியேதான் செஞ்சேன். பச்சையா வெற்றின்னு வந்துதே. இந்த மாசம் பணம் வரலியே?" மருந்துக்கடைக்குப் பாக்கி வைத்திருக்கிறார் என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

வீட்டுக்குப் போய் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அந்தச் செயலி முகத்தை இரண்டு தடவை கேட்கும். முதல் தடவை, போனை இயக்குபவர் யார் என்று பதிவு செய்வதற்கு. ஆதார் எண், ஓ.டி.பி., முகம், வெற்றி. இது சான்றே இல்லை, வாசல் கதவு திறந்தது, அவ்வளவுதான். அதன்பிறகுதான் ஓய்வூதியர் விவரம், சொந்த ஓய்வூதியமா குடும்ப ஓய்வூதியமா, பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டு, இரண்டாம் தடவை முகம் பார்க்கும். பிரமாண் எண் அப்போதுதான் வரும். தனியாக இருக்கும் அந்த அம்மாள் இயக்குபவரும் தானே, ஓய்வூதியரும் தானே. முதல் வெற்றியிலேயே போனை மூடிவிட்டார். நான் காட்டியதும் ஒரு முகம், ஒரு வெற்றிதானே!

மறுநாள் அவரோடு வங்கிக்குப் போய்ச் சான்று கொடுத்தோம். பணம் அடுத்த மாதம் நிலுவையோடு சேர்ந்து வந்தது. அதுவரை மருந்துக்கடைக்காரர் பொறுத்தார்.

திரும்பி வரும் வழியில் எங்கள் அலுவலகத் தந்திப் பழக்கம் நினைவுக்கு வந்தது. (2013-ல் தந்தியையே மூடிவிட்டார்கள்.) வார்த்தைக்குக் காசு என்பதால் தந்தியை வெட்டி வெட்டி எழுதுவோம். 'இன்னார் திங்களன்று வருகிறார்' என்பதற்குத் தந்தி போதும். 'இன்ன நிபந்தனையில் இதைச் செய்யலாம்' என்றால் தந்தி கொடுத்துவிட்டு, முழுக் கடிதத்தைத் தபாலில் உறுதிப் பிரதியாக அனுப்பியே ஆகவேண்டும். நிபந்தனை விழுந்த தந்தியை நம்பி யாராவது வேலையைத் தொடங்கிவிட்டால் மெமோ வரும். இத்தனை வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது மறந்துபோனது ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது எழுதியதை நான் படித்துப் பார்ப்பது இப்படி. பதினைந்தில் நிறுத்தினால் பார்ப்பவர் என்ன செய்வார்? துய்மா வீதியில் நிறுத்தினால், 'அப்படியா' என்பார், போய்விடுவார். நஷ்டம் யாருக்கும் இல்லை. ஆயுள் சான்றில் நிறுத்தினால் அவர் பாதியில் போனை மூடுவார். விஷயம் பெரிதா சிறிதா என்பதல்ல கேள்வி. பி.பி.ஓ. எண் முக்கியமானதுதான், ஆனால் ஓய்வூதியப் புத்தகத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலால் காட்டப் பதினைந்து விநாடி தாராளம். அதைத் தனி வீடியோவாகவே போட்டேன்.

ஆயுள் சான்றை அறுபதுக்கு மாற்றினோம். எல்லாப் படியையும் சொல்லவில்லை. ஆதார் எண்ணை எங்கே அடிப்பது என்பதைத் திரையே கேட்டு வாங்கிக்கொள்ளும். தவறுகிற இடங்களுக்கு மட்டும் நேரம் கொடுத்தேன். 'முகம் இரண்டு தடவை' என்பதை முதல் பத்து விநாடியிலேயே சொன்னேன், கடைசிவரை பார்க்காதவருக்கும் அது போய்ச்சேர வேண்டுமே. அடுத்த இருபதில் முதல் வெற்றியைக் காட்டி, 'இங்கே மூடாதீர்கள்' என்று சொல்லிவிட்டு இரண்டு விநாடி பேசாமல் இருந்தேன். பேத்தி அந்த மௌனத்தை வெட்டப் பார்த்தாள், விடவில்லை. பிறகு இருபது விநாடி இரண்டாம் முகம், பிரமாண் எண். கடைசிப் பத்து, எண் வந்தாலும் விவரம் தப்பாக இருந்தால் சான்று நிராகரிக்கப்படலாம், ஏற்றார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கு.

பழைய வீடியோ அளவுக்கு இதை யாரும் பார்க்கவில்லை. கோடும் நடுவில் சரிகிறது. பழையதை எடுத்துவிட்டேன்.

போன நவம்பரில் அந்த அம்மாள் மறுபடி கூப்பிட்டார். "அண்ணே, ரெண்டாவது முகமும் காட்டிட்டேன், நம்பர் வந்திருக்கு, படிக்கட்டுமா?" என்றார். படியுங்கள் என்று பென்சிலை எடுத்தேன்.