ஓராண்டு கோசாரக் குறிப்பேடு

கோசாரப் பலன்களை ஓராண்டுக் குறிப்பேட்டால் சோதிக்க விரும்புவோர் முதலில் எதைச் சோதிக்க இயலாது என்று பார்க்க வேண்டும். சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு தங்குகிறது, குரு ஓராண்டு. ஏழரைச் சனி நடக்கும் ஒருவர் அந்த ஆண்டு முழுதும் எழுதினாலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சனி இல்லாத நாள் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்காது. சந்திரன் மட்டுமே 27 நாளுக்கொரு முறை பன்னிரண்டு ராசிகளையும் சுற்றி வருகிறது. ஆகவே பிறந்த ராசிக்கு எட்டாமிடத்தில் சந்திரன் நிற்கும் சந்திராஷ்டம நாள்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஓராண்டில் அது பதின்மூன்று முறை வந்துவிடும்.

நான் திருவோணம், மகர ராசி. எனக்கு எட்டாமிடம் சிம்மம். சந்திரன் அதைக் கடக்க இரண்டேகால் நாள் ஆகும். இங்கேதான் முதல் சிக்கல். அந்த இரண்டேகால் நாள் தொட்ட தேதிகளையெல்லாம் எண்ணினால் ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல் வரும். சூரிய உதயத்தில் சந்திரன் எங்கே என்று மட்டும் பார்த்தால் முப்பது. பதினேழாம் நட்சத்திரத்தை மட்டும் கொள்ளும் வழக்கப்படி எனக்குப் பூரம். ஆண்டுக்குப் பதின்மூன்று நாள்தான். தீய நிகழ்வு நடந்த பிறகு இம்மூன்றில் பொருந்துவதைத் தேர்ந்தால் எந்தப் பலனும் பலிக்கும். எனவே தொடங்கும் முன்பே உதயக் கணக்கு, திருக்கணிதம், லாகிரி அயனாம்சம் என்று எழுதி ஒட்டிவிட்டேன். தேதிகளைக் கணித்தவர் விடுதி நண்பர். பட்டியல் அவரிடமே இருந்தது. நான் இரவுதோறும் நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடை குறித்தேன்: வாய்ச்சண்டை, பொருளிழப்பு, வேலைக்குப் போக முடியாத அளவு நோய், அன்று முடிக்கவேண்டிய பணி முடியாமை. ஒன்றுக்கேனும் ஆம் எனில் அது தீய நாள்.

நான் இருப்பது புணே. ஜயந்த் நார்லிகரும் நரேந்திர தாபோல்கர் முதலானோரும் ஜாதகங்களைக் கொண்டு சோதிடர்களைச் சோதித்ததும் இந்த ஊரில்தான்: 27 சோதிடர்கள், ஆளுக்கு 40 ஜாதகம், சரியான விடை 46 விழுக்காடு. நாணயம் சுண்டியிருந்தால் ஐம்பது. அது பிறப்பு ஜாதகத்தைப் பற்றியது, கோசாரம் அன்று. மேலும் என் கேள்வி அங்கிருந்து வந்ததும் அன்று.

அப்பா இறந்த நாள் அவருக்குச் சந்திராஷ்டமம். வெளியூர்ப் பயணத்தில் மாரடைப்பு. நாள்காட்டியைப் பார்த்தும் அனுப்பிவிட்டேனே என்று அம்மா இரண்டாண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் என் ராசிக்கு அந்த நாள் வந்தால் தொலைபேசியில் எச்சரிப்பார். அதைத் தடுக்க மனம் வரவில்லை. ‘முன்பே தெரியும்’ என்று குறிப்பேட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்.

ஆண்டு முடிவில் தீய நாள்கள் 61. சந்திராஷ்டமத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை எனில் அந்த முப்பது நாளில் ஐந்து விழவேண்டும், விழுந்தவை ஆறு. ஒன்பது வந்திருந்தாலும் தற்செயல் என்றே தள்ளியிருப்பேன். தீமை இருமடங்காகும் எனில்கூட இந்தக் குறிப்பேடு அதைக் காட்டிக்கொடுக்க ஏறத்தாழப் பாதி வாய்ப்புதான். கால்பங்கு மட்டுமே கூடும் எனில் இன்னும் பல ஆண்டுகள் எழுதவேண்டும்.

ஐந்தாவது கட்டம் எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. அம்மா சொல்லி அறிந்த நாள்கள் ஏழு. அவற்றில் தீயவை மூன்று. அறியாத இருபத்து மூன்று நாளிலும் மூன்றே. ஏழு நாளை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஆனால் அந்த மூன்றும் வாய்ச்சண்டைகள். பணப்பை தொலைவதற்கும் காய்ச்சல் வருவதற்கும் நாளின் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சண்டைக்கு அது உதவக்கூடும்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் என் கணக்கைச் சொல்லவில்லை, அப்பாவின் கணக்கைச் சொன்னேன். முப்பது ஆண்டு விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராய் அலைந்தவர். ஆண்டுக்கு முப்பது எனில் தொள்ளாயிரம் சந்திராஷ்டம நாள்கள். அவற்றில் பாதி நாள் வெளியூரில் இருந்திருந்தாலும் நானூற்றைம்பது முறை நலமாகத் திரும்பியிருக்கிறார். அந்த நாள்களை யாரும் குறித்து வைக்கவில்லை. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவர் ஒரு நாளும் நாள் பார்த்துக் கிளம்பினதில்லைடா” என்றார்.

இரண்டாம் ஆண்டுக் குறிப்பேடு இப்போது நடக்கிறது. ஐந்தாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. அம்மா மறுநாள்தான் அழைக்கிறார்: “நேத்தோட முடிஞ்சுது, அதனால இப்போ சொல்றேன்.”