ஏறாத பஸ்ஸுக்குக் கட்டணம்

பாடசாலைக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவதென்றால் எம்மவர்க்கு எப்பொழுதும் ஒரு தயக்கம் உண்டு. வங்கிக்கும் நகரசபைக்கும் துணிந்து எழுதுவோம். பாடசாலை அப்படியன்று, நம் பிள்ளை நாள்தோறும் அங்கே இருக்கின்றது. 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் ரூபா 57,000 காரணமாக அத்தகைய கடிதம் ஒன்றை நான் எழுத நேர்ந்தது.

வத்தளையில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில், கொழும்பிலுள்ள ஒரு தனியார் பாடசாலைக்கு எங்கள் மகள் அப்பாடசாலையின் பஸ்ஸிலேயே போய்வந்தாள். கட்டணம் மாதம் ரூபா 9,500. நான்கு மாதத்துக்கும் சேர்த்து ரூபா 38,000 ஐத் தவணைத் தொடக்கத்திலேயே படிப்புக் கட்டணத்தோடு கட்டிவிட வேண்டும். ஜனவரி இறுதியில் நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தோம். புது வீட்டிலிருந்து பாடசாலை நடைதூரம். ஆகவே ஜனவரி 20ஆந் திகதி, பஸ் இனி வேண்டாம் என்று கடிதம் கொடுத்தேன். வகுப்பாசிரியை அதைப் பெற்றுக்கொண்டு என் பிரதியில் கையொப்பமிட்டுத் தந்தார். மகள் கடைசியாகப் பஸ்ஸில் வந்தது ஜனவரி 31, வெள்ளிக்கிழமை.

மே மாதத்தில் வந்த இரண்டாந் தவணைச் சீட்டில் மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. எது படிப்புக்கு, எது பஸ்ஸுக்கு என்று பிரித்துக் காட்டவில்லை. கட்டினோம். மூன்றாந் தவணைச் சீட்டும் அவ்வாறே வந்தபொழுது என் மனைவி விபரம் கேட்டு வாங்கினாள். அதில் 'வழி 4, வத்தளை, ரூபா 38,000' என்று இருந்தது.

இது எப்படி நேர்கின்றது என்பதைக் கணக்குப் பகுதியில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் பெரிய மைத்துனர் விளக்கினார். பாடசாலை பஸ்ஸுக்கு இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்று பஸ்களுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் இருக்கும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல்; மற்றது கணக்குக் காரியாலயத்தின் கட்டணப் பேரேடு. எங்கள் கடிதம் வகுப்பாசிரியையிடமிருந்து பஸ் ஆசிரியரிடம் போயிருக்கின்றது. அவர் பெயரை வெட்டிவிட்டார். கணக்குக் காரியாலயத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. அங்கே ஒரு முறை பதிந்த கட்டணம், நிறுத்தச் சொல்லும் வரை தவணைதோறும் தானாகவே விழுந்துகொண்டிருக்கும். இதில் வஞ்சகம் எதுவுமில்லை. ஆனால் பணம் போனது போனதுதான்.

அன்றிரவே நான் எழுதிய கடிதத்தில் 'பகற்கொள்ளை' என்றொரு சொல் இருந்தது. மனைவி வாசித்துவிட்டு, "உங்களுக்கு இந்தக் காசு பெரிசோ, பிள்ளை பெரிசோ? விட்டிடுங்கோ" என்றாள். ஐம்பத்தேழாயிரம் எங்கள் வீட்டில் விட்டுவிடக்கூடிய தொகையன்று. அது அவளுக்கும் தெரியும். மைத்துனர்தான் வழி சொன்னார். "தம்பி, கோபத்துக்கு ஒருத்தரும் காசு திருப்பித் தரமாட்டினம். கணக்குக்குத்தான் தருவினம். எல்லாத்தையும் ஒரே தொகையாக் கேளாதையும், பிரிச்சுக் கேளும்."

பிரித்துப் பார்த்தோம். சேர்வு விதிகளின்படி, பஸ்ஸை நிறுத்த ஒரு மாத எழுத்து மூல அறிவித்தல் வேண்டும். இடையில் முறியும் மாதம் முழு மாதமாகவே கொள்ளப்படும். ஜனவரி 20 இல் கொடுத்த அறிவித்தல் பெப்ரவரி 20 இல் முடிகின்றது. எனவே மகள் ஏறாத போதிலும் பெப்ரவரி மாதக் கட்டணம் பாடசாலைக்கு உரியதே. அதை நாமே ஒப்புக்கொண்டு எழுதினால் மற்றவற்றை மறுப்பது அவர்களுக்குக் கடினம் என்றார் மைத்துனர். மிச்சம் மூன்று வகைப்படும். மார்ச், ஏப்ரலுக்கான ரூபா 19,000 அறிவித்தலுக்கு முன்பே முறைப்படி கட்டியது. அது மீளத் தரவேண்டிய பணம். மே முதல் ஆகஸ்ட் வரையிலான ரூபா 38,000 அறிவித்தலுக்குப் பின் பிழையாக அறவிட்டது. மூன்றாந் தவணைக்கான ரூபா 38,000 இன்னும் கட்டப்படாதது. அதைச் சீட்டிலிருந்து நீக்கினாற் போதும்.

கணக்காளருக்கு முகவரியிட்டு, அதிபருக்குப் பிரதியுடன், பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் இது:

"ஐயா, தங்கள் பாடசாலையில் ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகள் (சேர்வு இலக்கம் மேலே) 31.01.2025க்குப் பின் வழி 4 பஸ்ஸைப் பயன்படுத்தவில்லை. இதற்கான அறிவித்தலை 20.01.2025 இல் கையளித்தேன். கையொப்பமிட்ட பிரதி இணைக்கப்பட்டுள்ளது. விதிப்படி பெப்ரவரி மாதக் கட்டணம் பாடசாலைக்கு உரியது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதங்களுக்குச் செலுத்திய ரூபா 57,000 ஐ மீளத் தருமாறும், மூன்றாந் தவணைச் சீட்டிலுள்ள பஸ் கட்டணத்தை நீக்குமாறும் வேண்டுகிறேன். இத்தவணைப் படிப்புக் கட்டணம் முழுவதையும் இன்று வங்கியில் செலுத்தியுள்ளேன். இரு தவணைகளுக்குமான வங்கிச் சீட்டுகளின் பிரதிகளும் இத்துடன் உள. பதினான்கு நாட்களுள் எழுத்து மூலம் பதிலளித்தால் நன்றியுடையேன். இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள..."

படிப்புக் கட்டணத்தை ஏன் முழுவதும் கட்டினேன் என்று சிலர் கேட்டார்கள். வரவேண்டிய 57,000 ஐ நாமே கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டியிருந்தால், பேரேட்டில் அது படிப்புக் கட்டண நிலுவையாகவே விழும். தாமதக் கட்டணம் சேரும். நிலுவைக்காரர் பட்டியலில் மகளின் பெயர் ஏறும். பாடசாலை ஒப்புக்கொள்ளும் வரை நாம் நிறுத்தி வைக்கலாகும் தொகை, இன்னும் கட்டாத பஸ் கட்டணம் ஒன்றே. அதையும் சொல்லாமல் நிறுத்தாது, கடிதத்தில் எழுதிவிட்டே நிறுத்த வேண்டும்.

ஒன்றை மட்டும் நாங்கள் கடிதத்தில் சேர்க்கவில்லை. மார்ச் மாதத்திலேயே மகள் தன் பழைய இருக்கையில் வேறொரு பிள்ளை இருந்து வருவதைக் கண்டிருந்தாள். முதலிலேயே இதை எழுதினால் 'ஓர் இருக்கைக்கு இருவரிடம் வாங்கினீர்கள்' என்று குற்றஞ்சாட்டுவது போலாகும். மைத்துனர், "அது சட்டைப்பையிலை கிடக்கட்டும்" என்றார்.

பத்தாம் நாள் காரியாலயத்திலிருந்து தொலைபேசியில் ஒரு பெண் பேசினார். மூன்றாந் தவணைக் கட்டணத்தை நீக்கிவிட்டார்களாம். ஆனால் முன்னைய மாதங்களில் பிள்ளைக்காக இருக்கை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தபடியால் அப்பணம் திரும்பாதாம். சட்டைப்பைக்கு அப்பொழுதுதான் வேலை வந்தது. அன்றே இரண்டாவது கடிதம் போயிற்று, நான்கே வரிகள். தொலைபேசியில் கூறப்பட்டதைத் திகதியுடன் குறித்து, இருக்கை ஒதுக்கப்பட்டிருந்ததாயின் மார்ச் மாதத்து வழி 4 பெயர்ப்பட்டியலைத் தயவுசெய்து ஒப்புநோக்குமாறு கேட்டிருந்தேன். வேறொன்றும் எழுதவில்லை.

பதில் அதிபரிடமிருந்தே வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார். இரண்டாந் தவணையின் ரூபா 38,000 ஒக்டோபரில் எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. முதலாந் தவணையின் ரூபா 19,000 இற்கு மட்டும் ஒரு சுணக்கம்: அது மார்ச் 31 உடன் மூடப்பட்ட நிதியாண்டுக் கணக்கில் வரவு வைத்த பணமாதலால், முகாமைச் சபை கூடி அனுமதிக்க வேண்டுமென்றார்கள். காரணம் நியாயமாகவே தோன்றியது, காத்திருந்தோம். டிசெம்பர் நடுப்பகுதியில் காசோலை வந்தது.

மகளுக்கு இதனால் ஏதும் நேர்ந்ததோ என்று மனைவி பலவாறு விசாரித்தாள். வகுப்பாசிரியைக்கு இப்படியொரு கடிதம் போனதே தெரியாதாம். 2026 ஜனவரியில் வந்த சீட்டு, கட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருந்தது. பஸ் என்ற வரி அதில் இல்லை. மனைவி அதை இரண்டு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்த பின்னரே என் கையில் தந்தாள்.