படிவத்தின் மொழி

எங்கள் பள்ளியில் மாலைதோறும் வயதுவந்தோருக்கான எழுத்தறிவு மையம் நடைபெறுகிறது. அங்கே கற்போர் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள். நீண்ட தொடரைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடுபவர்கள். அவர்களுள் கணவரை இழந்த பெண்கள் சிலர் ஓய்வூதியப் படிவங்களைக் கொண்டுவந்து பொருள் கேட்பதுண்டு. படிவம் ஒருமுறை திரும்பி வந்தால் அவர்களுக்கு ஒருநாள் கூலி போய்விடும். எனவே, படிவக் குறிப்புகளை எளிய தமிழில் எழுதித் தரும் பணியை மேற்கொண்டேன். அத்தகைய குறிப்புகளில் ஒன்று பின்வருமாறு இருந்தது:

“மனுதாரர் தமது பெயரில் நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கியில் பராமரிக்கப்பட்டுவரும் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்க நகலினைச் சுயசான்றொப்பமிட்டு இணைக்கத் தவறும்பட்சத்தில் விண்ணப்பம் பரிசீலிக்கப்படமாட்டாது.”

இதில் கடுஞ்சொற்கள் சில உள்ளன. ஆயினும், பெருந்தடை சொற்களில் இல்லை. தொடரின் அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும். அதற்கு முன்னர் அடைமொழிகளையும் எச்சங்களையும் அடுக்கிக்கொண்டே போகலாம். சரளமாகப் படிப்பவர் அவற்றையெல்லாம் நினைவில் தாங்கி முடிவுக்கு வந்துவிடுவார். எழுத்துக்கூட்டிப் படிப்பவரால் அது இயலாது. மேலும், ‘தவறும்பட்சத்தில்’, ‘படமாட்டாது’ என்னும் இரண்டு மறுப்புகளைக் கடந்த பின்னரே ‘இணைக்க வேண்டும்’ என்ற பொருள் கிடைக்கிறது.

ஆகவே, முதலில் இத்தொடருக்குள் மறைந்திருக்கும் செயல்களை எண்ணினேன். புத்தகத்தை எடுத்தல், நகல் எடுத்தல், கையெழுத்திடுதல், சேர்த்துக் கொடுத்தல் என அவை நான்கு. கை செய்யும் வரிசையிலேயே ஒவ்வொன்றையும் ஒரு தொடராக்கினேன். ‘மனுதாரர்’ என்பதை ‘நீங்கள்’ என்றும், ‘நகல்’ என்பதைக் கடைத்தெருவில் வழங்கும் ‘ஜெராக்ஸ்’ என்றும் மாற்றினேன்.

எளிமையாக்கும்போது விதி சுருங்கிவிடக் கூடாது. ‘நாட்டுடைமையாக்கப்பட்ட’ என்ற சொல் கடினம் என்று நீக்கிவிட்டால், கூட்டுறவு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் அந்தப் புத்தகத்தையே கொண்டுபோவார். அந்தச் சொல்லுக்கு வரையறை தேடினால் வேறொரு சிக்கல் எழுகிறது. 1969இல் 14 வங்கிகளும் 1980இல் 6 வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டன. அரசுக்குச் சொந்தமானதாயினும் பாரத ஸ்டேட் வங்கி இந்த இருபதில் இல்லை. அப்படியானால் அவ்வங்கியின் கணக்கு செல்லுமா? அலுவலகத்தில் கேட்டபோது, “செல்லும்” என்றார்கள். எனவே, அவர்கள் ஏற்கும் வங்கிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன். வரையறையைவிடப் பெயர்ப்பட்டியலே படிப்பவருக்குப் பயன்படும்.

சில சொற்களை மாற்றாமல் வைப்பதே நன்று. அலுவலகச் சாளரத்தில் இருப்பவர், “சுயசான்றொப்பம் எங்கே?” என்றுதான் கேட்பார். ஆகவே, அச்சொல்லை விளக்கத்தோடு ஒருமுறை எழுத வேண்டும்.

எழுதியது விளங்குகிறதா என்பதை எவ்வாறு அறிவது? “புரிந்ததா?” என்று கேட்டால், நம் மனம் நோகக் கூடாதென்று எல்லாரும் “புரிந்தது” என்பார்கள். அதனால், தாளையும் கணக்குப் புத்தகத்தையும் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் கவனித்தேன். ஓர் அம்மையார் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “டீச்சர், முதல் பக்கம்னா மேல் அட்டையா, உள்ளே போட்டோ ஒட்டினதா?” என்று கேட்டார். ‘முதல் பக்கம்’ எளிய சொற்கள்தாம். ஆனால் பொருள் தெளிவாக இல்லை. அவருடைய கேள்வியால் மூன்றாம் தொடர் திருந்தியது. இறுதி வடிவம் இதுதான்:

1. உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுங்கள்.
2. கீழே உள்ள பட்டியலில் உங்கள் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. உங்கள் பெயரும் கணக்கு எண்ணும் உள்ள பக்கத்தை ஜெராக்ஸ் எடுங்கள்.
4. அந்த ஜெராக்ஸில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள். இதற்குச் ‘சுயசான்றொப்பம்’ என்று பெயர்.
5. அதைப் படிவத்துடன் சேர்த்துக் கொடுங்கள்.
6. இது இல்லாவிட்டால் படிவத்தை ஏற்க மாட்டார்கள்.

ஒரு தொடர் ஏழு தொடர்களாகிவிட்டது. தாளில் இடமும் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆனால், எந்தத் தொடரிலும் படிப்பவர் நினைவில் சுமக்க வேண்டியது ஒரு செய்திதான். இத்தாள் படிவத்திற்கு மாற்று அன்று, துணை மட்டுமே. விதி மாறினால் இதுவும் மாற வேண்டும். அதனால், அலுவலகத்தில் கேட்டறிந்த நாளைத் தாளின் அடியில் குறித்து வைத்துள்ளேன்.